தொலைந்த சாவியும் தெரியாத சாவியும்

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் என்னவெல்லாம் கேட்பார்கள்? தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், அட்வான்ஸ் எவ்வளவு, கரண்ட்டுக்குத் தனி மீட்டர் உண்டா, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா... கேட்டுக்கொண்டே போவார்கள். ஆனால் "இந்தக் கதவுக்கு மொத்தம் எத்தனை சாவி, அதெல்லாம் யார் யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தாலும் மின்விசிறி 3, டியூப் லைட் 4 என்று எண்ணி எழுதியிருப்பார்கள். வீட்டுக்கே அடையாளமான சாவிக்கு அதில் ஒரு வரி கூட இருக்காது!

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கதை. கதைதான், ஆட்களுக்குப் பெயர் கிடையாது. ஊருக்கு உண்டு, துறையூர்.

துறையூரில் ஒரு மாடிவீடு. கீழே தையல்கடை, ராத்திரி ஒன்பதுக்கெல்லாம் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். மாடியில் ஒரு குடும்பம் எட்டு மாதமாகக் குடியிருக்கிறது. கணவர் மருந்துக்கடையில் வேலை, மனைவி வீட்டில், இரண்டு வயதில் ஒரு பெண்குழந்தை. வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. இப்போது ஸ்ரீரங்கத்தில் மகன் வீட்டோடு இருக்கிறார். மாதா மாதம் வாடகை வந்துவிடும். தண்ணீர் மோட்டாருக்கான கரண்ட் பில்லை மாடியும் கடையும் எப்படிப் பிரிப்பது என்பதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் மூன்று மாதமாக ஒரு முறைப்பு. அவர் பாதி என்கிறார், இவர்கள் மூன்றில் ஒரு பங்கு என்கிறார்கள். எந்த வாடகைவீட்டில் இது இல்லை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்சியில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு மூவரும் சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினார்கள். மண்ணச்சநல்லூர் தாண்டுவதற்குள் குழந்தை தூங்கிவிட்டது. துறையூரில் இறங்கி நடந்து, படியேறி, கதவு முன்னால் நின்று பையைத் துழாவினால் சாவி இல்லை. மணி பதினொன்றே முக்கால்.

முதல் பத்து நிமிடம் எல்லோரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். பையைத் தலைகீழாகக் கொட்டினார்கள். "நீதானே வாங்கினே", "உங்ககிட்டதானே குடுத்தேன்" என்று ஒரு சுற்று ஓடியது. செல்போன் வெளிச்சத்தில் படி படியாகத் தேடினார்கள். அப்புறம் அவர் சொன்னார், "கதவ நெம்பிடலாமா? கீழ கடைக்கிட்ட ஒரு இரும்புக் கம்பி கெடக்கு."

இங்கே கொஞ்சம் நிற்போம். நள்ளிரவில் எடுக்கப்படும் முடிவுகளில் அதிகச் செலவு வைப்பது இதுதான்.

அந்தக் கதவில் இருந்தது தொங்கும் பூட்டு அல்ல. கதவுப் பலகைக்குள்ளேயே பதித்த பூட்டு. சாவியைத் திருப்பினால் உள்ளிருந்து ஒரு கட்டை வெளியே வந்து, எதிரே நிலையில் வெட்டியிருக்கும் குழியில் போய் உட்காரும். இதைக் கம்பியால் நெம்பினால் பூட்டு உடையாது, நிலைதான் பிளக்கும். பூட்டு சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சத்துக்குள் கிடைத்துவிடும். பிளந்த நிலையைச் சரிசெய்ய ஆசாரி வர வேண்டும், மரம் வேண்டும், சிமெண்ட் பூச்சு வேண்டும். இது போதாதென்று நம் ஊரில் நிலை என்பது வெறும் மரச்சட்டமும் இல்லை. வீடு கட்டும்போது நல்ல நாள் பார்த்து, பூஜை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து நிறுத்திய பொருள். வாடகைக்கு இருப்பவர் அதை ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கம்பியால் பிளந்தார் என்றால், பணத்தை முழுசாகக் கொடுத்தாலும் வீட்டுக்காரர் மனதில் அந்தக் கீறல் ஆறாது.

நல்லவேளை, மனைவி தடுத்தார். "ஏங்க, மொதல்ல அவங்களுக்குச் சொல்லுங்க. அவங்க வீடுங்க."

ஆனால் அவருக்குத் தயக்கம். மோட்டார் பில் விஷயத்தில் போன வாரம்தான் கொஞ்சம் சூடாகப் பேசியிருக்கிறார். இந்த நேரத்தில் போய், அதுவும் தன் தப்புக்காக... முதலில் அவர் அடித்தது இவ்வளவுதான்: "சாவி தொலஞ்சிருச்சு. என்ன பண்றது?" மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதப் படிச்சா அவங்களுக்கு என்னங்க புரியும்?" என்று அழித்தார். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து 11:58க்கு அனுப்பியது இது:

"அம்மா, தூக்கத்துல எழுப்புறதுக்கு மன்னிச்சுக்கோங்க. யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுச் சாவி தொலைஞ்சு போச்சு. சத்திரத்துல பஸ் ஏறுறப்ப பையில இருந்துச்சு, இப்ப இல்ல. சாவிக்கொத்துல பேரோ அட்ரஸோ எதுவும் கெடையாது. நாங்க மூணு பேரும் வாசல்லதான் நிக்கிறோம், பாப்பா தூங்கிட்டா. உங்ககிட்ட வேற சாவி இருக்குங்களா? இல்லேன்னா ராத்திரி சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டு, காலையில சாவிக்காரரக் கூட்டிட்டு வர்றோம். நீங்க சொல்லாம கதவுல கை வைக்க மாட்டோம். செலவு எங்களோடது."

அனுப்பிய பிறகுதான் போன் அடித்தார். இரண்டு முறை, அவ்வளவுதான். இந்த வரிசை முக்கியம். வயதானவர்களுக்கு நள்ளிரவில் காரணம் தெரியாத மிஸ்டு கால் வந்தால் முதலில் என்ன தோன்றும் என்று சொல்லத் தேவையில்லை. மெசேஜ் ஏற்கெனவே அங்கே இருந்தால், கண் விழித்துப் போனை எடுத்ததும் விஷயம் தெரிந்துவிடும். "யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல" என்ற வரி அதற்காகத்தான்.

அந்த மெசேஜில் உள்ள இன்னொரு வரியையும் கவனியுங்கள். சாவிக்கொத்தில் பெயரோ முகவரியோ இல்லை என்பது. தொலைந்த சாவியால் ஆபத்து உண்டா இல்லையா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அதுதான். வெறும் சாவி திருச்சி பஸ் நிலையத்தில் ஒருவர் கையில் கிடைத்தால் அது ஒரு இரும்புத்துண்டு. எந்த ஊர், எந்தத் தெரு, எந்தக் கதவு என்று அதில் எழுதியிருக்கவில்லை. அதே சாவி, முகவரி உள்ள அட்டையோடு ஒரே பர்ஸில் தொலைந்தால் கதையே வேறு. அப்போது விடியும்வரைகூட அந்தப் பூட்டை நம்ப முடியாது. (தொலைந்தால் திருப்பித் தருவார்கள் என்று சாவி வளையத்தில் வீட்டு எண்ணை எழுதி மாட்டுகிறவர்கள் இதை ஒரு தடவை யோசிக்கலாம். போன் நம்பர் மட்டும் போதும்.)

12:09க்கு பதில் வந்தது.

"தம்பி, இப்பதான் பாத்தேன். பயப்படாதீங்க. அடுத்த தெருவுல என் தங்கச்சி வீட்டுல ஒரு சாவி இருக்கு. நீங்க குடிவந்தப்பவே குடுத்து வச்சது. உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன், அது என் தப்புதான். ஒரு நிமிஷம், வீடியோ கால்ல வர்றேன்."

வீடியோ கால் எதற்கு? சந்தேகம் இல்லை, புத்திசாலித்தனம். செல்போனைத் திருடியவன்கூட "சாவி தொலைஞ்சு போச்சு, வேற சாவி குடுங்க" என்று மெசேஜ் அனுப்பலாம். எழுத்துக்கு முகம் கிடையாது. அந்த அம்மா முகத்தைப் பார்த்தார், வாசல் கதவைப் பார்த்தார், தோளில் தூங்கும் குழந்தையையும் பார்த்தார். பத்து வினாடிதான். அதற்குப் பிறகே தங்கைக்குப் போன் போட்டார். அவரிடம் சொன்னதும் கவனிக்க வேண்டியது: "சாவிய அவங்க கையில குடு. நீ மேல போயி கதவத் திறக்காத. அவங்களே திறந்துக்கட்டும்."

12:31க்கு அடுத்த மெசேஜ்: "உள்ள வந்துட்டோம்மா. சின்னம்மா இருட்டுல டார்ச்சோட நடந்து வந்து குடுத்தாங்க. பாப்பாவப் படுக்க வச்சாச்சு. இந்தச் சாவி இப்ப எங்ககிட்டதான் இருக்கு."

"சரிப்பா. தூங்குங்க. மத்தத காலையில பேசிக்கலாம்."

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தால், இல்லை. உண்மையான சிக்கல் காலையில்தான் எழுந்தது.

காபி போட்டுக்கொண்டே மனைவி கேட்டார். "அப்ப இந்த எட்டு மாசமும் நம்ம வீட்டுச் சாவி இன்னொருத்தர் வீட்டுல இருந்திருக்கு?"

அவர் பதில் சொல்லவில்லை. நேற்று ராத்திரி காப்பாற்றியதே அந்தச் சாவிதான். அதைப் போய் இன்று குறை சொன்னால் நன்றிகெட்ட தனமாகத் தெரியாதா? ஆனால் மனைவியின் கேள்வியும் சரிதான். பகலெல்லாம் குழந்தையோடு தனியாக இருப்பது அவர். மதியம் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குவது அவர். அந்தத் தங்கை தங்கமானவர்தான். அவர் வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் எல்லோரும்? சாவி எங்கே மாட்டியிருந்தது, சமையலறை ஆணியிலா, பீரோவுக்குள்ளா? தொலைந்த சாவி யார் கையில் இருக்கிறது என்று தெரியாதது போலவே, தெரியாமல் இருந்த சாவியும் இத்தனை நாள் யார் யார் கைக்குப் போனது என்று தெரியாது. சொல்லப்போனால் இரண்டாவதுதான் மோசம். முதல் சாவிக்குக் கதவு எது என்று தெரியாது, இரண்டாவது சாவிக்குக் கதவு நன்றாகத் தெரியும்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 1960ம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017ல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்காரரிடம் மாற்றுச் சாவி இருப்பது தனியாக ஒரு குற்றம் என்று வாடகைச் சட்டம் பேசவில்லை. ஆனால் அந்தச் சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே வருவதற்கு எல்லை உண்டு. வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் பழுதுபார்க்கவோ பார்வையிடவோ வர வேண்டுமென்றால், 24 மணி நேரம் முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் வர முடியும். அதுவும் ராத்திரியில் அல்ல. சொத்து வீட்டுக்காரருடையது, ஆனால் குடியிருக்கும் வரை வாசலுக்கு உள்ளே இருப்பது குடியிருப்பவரின் இடம். "என் வீடு, நான் எப்ப வேணா வருவேன்" என்ற பேச்சு இன்னும் பல ஊர்களில் ஓடுகிறது. சட்டம் அதை ஏற்பதில்லை.

"கதவ நீ திறக்காத" என்று அந்த அம்மா தங்கையிடம் சொன்னதன் அருமை இங்கேதான் தெரிகிறது. சட்டம் படித்துச் சொல்லியிருக்க மாட்டார். மரியாதை தெரிந்தவர், அவ்வளவுதான். ஆனால் அதே மரியாதை எட்டு மாதத்துக்கு முன்னால் "இன்னொரு சாவி என் தங்கச்சிகிட்ட இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்ல வைத்திருக்கலாம். நல்லவர்களும் இந்த இடத்தில் தவறுகிறார்கள். கெட்ட எண்ணத்தினால் இல்லை, அதைச் சொல்லவேண்டிய விஷயமாகவே யாரும் நினைப்பதில்லை.

காலை 9:20க்கு அவர் அனுப்பியது:

"அம்மா, ராத்திரி நீங்களும் சின்னம்மாவும் செஞ்சத மறக்க மாட்டோம். ஒரு விஷயம் மட்டும் கேக்கணும். நான் வேலைக்குப் போனப்புறம் அவ பாப்பாவோட தனியாதான் இருக்கா. வேற வீட்டுல சாவி இருந்துச்சுன்னு தெரிஞ்சதும் அவளுக்கு ஒரு மாதிரியா இருக்கு. யார் மேலயும் சந்தேகம் இல்லீங்க. எப்படியும் தொலைஞ்ச சாவிக்காகப் பூட்ட மாத்தியாகணும். மாத்தினப்புறம் இன்னொரு சாவி எங்க இருக்கணும்னு எல்லாருமாப் பேசி முடிவு பண்ணிக்கலாமா?"

நீல டிக் உடனே விழுந்தது. பதில் வரவில்லை. பத்து மணி, பதினொரு மணி... மருந்துக்கடையில் நின்றபடி அவர் போனை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தார் என்பதை எண்ணவில்லை. கேட்டிருக்கக் கூடாதோ? அடுத்த மாதம் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ? பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் இந்த வாடகைக்கு இன்னொரு வீடு கிடைக்காது.

12:40க்கு வந்தது.

"தம்பி, பொய் சொல்லல, மொதல்ல கோவம்தான் வந்துச்சு. ராத்திரி அவ்வளவு பண்ணியும் இப்படிக் கேக்குறாங்களேன்னு. மருமக கிட்ட காட்டினேன். அவ ஒரே வார்த்தைதான் சொன்னா, 'நம்ம வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுல இருந்தா நீங்க சும்மா இருப்பீங்களா அத்தை?' நியாயம்தான். பாப்பா அம்மாகிட்ட சொல்லுங்க, தப்பா நெனைக்கல. பூட்ட மாத்துங்க. செலவுல பாதி நான் தர்றேன்."

பாதி என்று ஏன் சொன்னார்? சாவியைத் தொலைத்தது குடித்தனக்காரர். 2021ல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி வாடகைச் சட்டத்தின் அட்டவணையிலும், கதவுப் பூட்டு, கைப்பிடி மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு என்றே இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் பெரிய மராமத்தும் வீட்டுக்காரருடையது. ஆகவே முழுச் செலவும் உங்களுடையது என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் தப்பு சொல்ல முடியாது. இருந்தும் அவர் கணக்கு வேறு. பூட்டை மாற்ற இரண்டு காரணங்கள். ஒரு சாவி தொலைந்தது இவர்கள் பங்கு, இன்னொரு சாவியைச் சொல்லாமல் விட்டது அவர் பங்கு. ரசீதை இரண்டால் வகுத்ததில் பெருந்தன்மையும் இருக்கிறது, நேர்மையும் இருக்கிறது. இரண்டாவதுதான் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது.

மாலையில் சாவிக்காரர் வந்தார். அவர் செய்ததையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் "சாவி தொலைந்தால் பூட்டையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு" என்பதுதான் பொதுவாகக் கிடைக்கும் ஆலோசனை. பல நேரம் அது தேவையே இல்லை.

சாவியைப் பார்த்தாலே பூட்டு எந்த வகை என்று ஓரளவு சொல்லிவிடலாம். உருண்டையான தண்டு, நுனியில் மட்டும் கொடி மாதிரி ஒரு தகடு, அதில் படிபடியாக வெட்டு என்று இருந்தால் அது லீவர் பூட்டு. தட்டையாக, ஒரு விளிம்பில் ரம்பம் போல மேடுபள்ளம் இருந்தால் பெரும்பாலும் உள்ளே குட்டிக் குட்டி ஊசிகள் உள்ள சிலிண்டர் பூட்டு. இந்த வீட்டில் இருந்தது முதல் வகை. திண்டுக்கல்லில் கையால் செய்யும் பூட்டுகளிலும் லீவர்கள்தான் பிரதானம். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது.

லீவர் பூட்டுக்குள் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு தகட்டைத் தூக்கும். எல்லாத் தகடும் சரியான உயரத்துக்கு வந்தால் மட்டுமே கட்டை நகர வழி கிடைக்கும். ஒரு தகடு கொஞ்சம் கூடத் தூக்கினாலும், கொஞ்சம் குறையத் தூக்கினாலும் நகராது. ஆக, பூட்டின் ரகசியம் அந்தத் தகடுகளின் வரிசையில் இருக்கிறது. சாவிக்காரர் கதவிலிருந்து பூட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து, தகடுகளில் இரண்டை இடம் மாற்றி வைத்தார். அந்த ஒரு மாற்றத்திலேயே திருச்சியில் எங்கோ கிடக்கும் சாவியும் செல்லாது, தங்கை வீட்டிலிருந்து வந்த சாவியும் செல்லாது. பிறகு புது வரிசைக்குத் தகுந்தாற்போல் வெற்றுச் சாவிகளை அரத்தால் அராவி, போட்டுப் பார்த்து, மறுபடி அராவி, மூன்று சாவி செய்தார். முக்கால் மணி நேர வேலை. கூலியும் சாவிகளும் சேர்த்து 500 ரூபாய்.

இது எல்லாப் பூட்டுக்கும் நடக்காது. சில பூட்டுகளின் மூடி ரிவெட் அடித்து மூடியிருக்கும், திறந்தால் பூட்டு போச்சு. துருப்பிடித்து ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் செலவு செய்து புண்ணியமில்லை. சிலிண்டர் வகையாக இருந்தால் சிலிண்டரை மட்டும் மாற்றலாம். இன்னொன்று, செய்த சாவியைக் கதவு திறந்திருக்கும்போதே நாலைந்து தடவை திருப்பிப் பார்க்க வேண்டும். சாத்திவிட்டுச் சோதித்தால், சிக்கிக்கொண்டால், மறுபடி வாசலில் நிற்க வேண்டியதுதான். புதிதாக அராவிய சாவி முதல் வாரம் கொஞ்சம் கடிக்கும். பலம் போட்டுத் திருப்பி உள்ளேயே ஒடித்துக்கொள்கிறவர்கள் உண்டு.

அன்று இரவு ஏழு மணிக்கு மேல் நடந்த பேச்சு இது.

"அம்மா, வேலை முடிஞ்சுது. மூணு சாவி. ரசீது போட்டோ அனுப்பிருக்கேன், 500 ஆச்சு. ரெண்டு சாவி எங்ககிட்ட. மூணாவது எங்க இருக்கட்டும்னு சொல்லுங்க."

"250 வாடகையில கழிச்சுக்கோங்க தம்பி. மூணாவதும் நீங்களே வச்சிக்கலாம். எனக்கு வேணாம்."

இந்த இடத்தில் பலர் "சரிங்க" என்று முடித்திருப்பார்கள். மனைவிதான் யோசித்தார். மூன்று சாவியும் இதே வீட்டில் இருந்தால், மறுபடி ஒருநாள் சாவி தொலைந்தால் மறுபடி வாசல்தான். கேஸ் கசிந்தாலோ, ஊருக்குப் போயிருக்கும்போது குழாய் உடைந்து கீழ்க்கடைத் துணியெல்லாம் நனைந்தாலோ யார் திறப்பது? வெளியே ஒரு சாவி இருப்பதில் அவருக்கு வருத்தமில்லை. தெரியாமல் இருந்ததில்தான் வருத்தம்.

"இல்லம்மா, ஒண்ணு வெளிய இருக்கணும்னு அவளே சொல்றா. சின்னம்மா வீட்டுலயே இருக்கட்டும். ஒரு கவர்ல போட்டு ஒட்டி, ஒட்டின எடத்துல நாங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துர்றோம். எங்களுக்கு வேணும்னா வந்து வாங்கிக்கிறோம். அவசரம்னு நீங்க எடுக்க வேண்டி வந்தா எங்களுக்கு ஒரு போன் பண்ணிட்டு எடுங்க. சரிங்களா?"

"இது நல்லா இருக்கு. என் தங்கச்சியையும் கையெழுத்துப் போடச் சொல்றேன். அவளுக்கும் ஒரு பாதுகாப்பு. நாளைக்கு எதாவது ஒண்ணுன்னா அவள யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாதுல்ல."

இந்தக் கடைசி வரியை அவர்கள் யாரும் அதுவரை யோசிக்கவில்லை. அடுத்தவர் வீட்டுச் சாவியை வைத்திருப்பவருக்கும் ஒரு பாரம் உண்டு. அந்த வீட்டில் ஒரு கம்மல் காணாமல் போனால் முதல் பார்வை யார் மேல் விழும்? ஒட்டிய கவர் பிரியாமல் இருந்தால் அவர் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். கவரைக் காட்டினால் போதும்.

மறுநாள் கவர் போய்ச் சேர்ந்தது. கையெழுத்து தெரியும்படி ஒரு போட்டோ இரண்டு பேர் போனிலும் இருக்கிறது. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் "சாவி மொத்தம் 3. குடியிருப்பவரிடம் 2. மூடிய கவரில் 1" என்று தேதியோடு எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டார்கள். இரண்டு வரி. குடிவந்த அன்றே எழுதியிருந்தால் இரண்டு நிமிட வேலை.

அந்த அம்மா 12:09க்குக் கண் விழிக்காமல் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரிதாக ஒன்றும் இல்லை. சொந்தக்காரர் வீட்டில் படுத்துவிட்டு, காலையில் பதில் பார்த்துவிட்டு, சாவிக்காரரைக் கூட்டி வந்திருப்பார்கள். சாவியே இல்லாமலும் அவர்களால் திறக்க முடியும். வெற்றுச் சாவியில் கரி பூசி உள்ளே விட்டுத் திருப்புவார்கள், தகடுகள் உரசிய தடம் கரியில் தெரியும், அந்தத் தடத்தைப் பார்த்துப் பார்த்து அராவுவார்கள். நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும், ஆனால் கதவுக்கும் நிலைக்கும் ஒரு சேதமும் இல்லை. வீட்டுக்கார அம்மா குணம் சரியில்லாதவராக இருந்திருந்தால்? அப்போதும் 11:58 மெசேஜ் வீணாகியிருக்காது. எப்போது தொலைந்தது, உடனே சொன்னார்களா, அனுமதியில்லாமல் கதவைத் தொட்டார்களா என்ற கேள்விகள் பின்னால் அட்வான்ஸைத் திருப்பித் தரும்போது எழுந்தால், பதில் நேரத்தோடு அதில் இருக்கிறது.

தொலைந்த சாவி கடைசிவரை கிடைக்கவில்லை. பஸ் நிலையத்தில் ஒருமுறை விசாரித்தார்கள், அத்தோடு விட்டுவிட்டார்கள்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி, 250 ரூபாய் கழித்து வாடகை போட்டார்கள். பத்து நிமிடத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து பதில்:

"வந்துருச்சு தம்பி. பாப்பா எப்படி இருக்கா? அப்புறம் அந்த மோட்டார் பில்லு பாக்கி அப்படியே நிக்கிது. மூணுல ஒரு பங்குக்கெல்லாம் நான் ஒத்துக்க மாட்டேன்."

"நல்லா இருக்காம்மா. நாங்களும் பாதிக்கு ஒத்துக்க மாட்டோம் :-)"